சிபியூ 15 சதவீதம்தான் பிஸி, ஆனாலும் யுஏஆர்டியில் பைட் ஏன் தொலைகிறது?

கேள்வி: STM32F103, 72 மெகாஹெர்ட்ஸ். யுஏஆர்டி 921600 வேகத்தில் இடைவிடாமல் வருகிறது. அதன் ஹேண்ட்லர் உள்ளே 60 சைக்கிள்தான். கூடவே 1 மில்லி செகண்டுக்கு ஒரு டைமர் இன்டரப்ட், அது 40 மைக்ரோ செகண்ட் ஓடும். மொத்தச் சுமை 15% கூட இல்லை. ஆனால் நூற்றுக்கு இரண்டு மூன்று பைட் காணாமல் போகிறது. வெக்டர்டு, நெஸ்டெட் இன்டரப்ட் எல்லாம் இந்தச் சிப்பில் இருக்கிறதே, அப்புறம் ஏன்?

பதில்:

நெஸ்டிங் சிப்பில் இருக்கிறது, உங்கள் புரோகிராமில் இல்லை. ரீசெட் ஆனதும் எல்லா இன்டரப்டுக்கும் முன்னுரிமை 0. நீங்கள் மாற்றாதவரை எல்லாம் சமம். சமமான இரண்டில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் மற்றது வாசலில் காத்திருக்கும், உள்ளே புகுந்து நிறுத்தாது.

இதே மாதிரி ஒன்றில் நானும் இரண்டு நாள் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். சுமை குறைவாகத் தெரிந்ததால் சாஃப்ட்வேர் பக்கம் சந்தேகமே வரவில்லை.

உங்கள் 15% கணக்கு சரிதான். ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட், ஆக நொடிக்கு 92160 பைட். கார்டெக்ஸ்-எம்3 இன்டரப்டுக்குள் நுழையும்போது எட்டு ரெஜிஸ்டர்களைத் தானே ஸ்டாக்கில் வைத்துவிட்டு, வெக்டர் டேபிளிலிருந்து ஹேண்ட்லர் முகவரியை எடுக்கும். இதற்கு 12 சைக்கிள். திரும்பி வர ஏறத்தாழ இன்னொரு 12. உள்ளே 60. மொத்தம் 84.

```
92160 × 84 / 72000000 = 10.75%
1000 × 40 us / 1 s    =  4%
```

இதில் நுழைந்து வெளியேறும் 24 சைக்கிள் மட்டும் 3% தின்கிறது. ஹேண்ட்லரை எவ்வளவு சுருக்கினாலும் அந்த 3% போகாது. (12 என்பது காத்திருக்க வைக்காத மெமரிக்கான எண். 72 மெகாஹெர்ட்ஸில் ஃபிளாஷுக்கு வெயிட் ஸ்டேட் உண்டு, அதனால் உண்மையில் சற்றுக் கூடும்.)

சரி, ஆனால் சதவீதம் என்பது சராசரி. பைட் தொலைவது சராசரியில் அல்ல, ஒரு குறிப்பிட்ட 40 மைக்ரோ செகண்டில். அந்த நேரத்தை உற்றுப் பார்ப்போம். டைமர் ஹேண்ட்லர் தொடங்குகிறது. உங்கள் வேகத்தில் 10.85 மைக்ரோ செகண்டுக்கு ஒரு பைட், ஆக 40 மைக்ரோ செகண்டுக்குள் மூன்றோ நான்கோ பைட் வந்து முடிந்துவிடும். இந்த யுஏஆர்டியில் ஃபிஃபோ கிடையாது. டேட்டா ரெஜிஸ்டரில் ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம். முதலில் வந்தது அங்கே உட்காரும். அது எடுக்கப்படாமல் இருக்கும்போது அடுத்தது வந்து முடிந்தால் `ORE` கொடி ஏறும், வந்த பைட் போய்விடும். ஒவ்வொரு டைமர் டிக்கிலும் இரண்டு மூன்று பைட் காலி. ஒரு டிக்குக்கு 92 பைட் வருகிறது என்பதால் உங்கள் "நூற்றுக்கு இரண்டு மூன்று" அப்படியே பொருந்துகிறது.

உறுதி செய்ய, மறுமுனையிலிருந்து 0 முதல் 255 வரை ஏறும் எண்களைத் திரும்பத் திரும்ப அனுப்புங்கள். வரிசை எங்கே தாவுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 92 பைட்டுக்கு ஒருமுறை தாவினால் குற்றவாளி அந்த டைமர்தான். கேபிளோ பாட் ரேட்டோ காரணமாக இருந்தால் தாவல் இப்படி ஒழுங்காக வராது, கண்ட இடத்தில் வரும்.

வெக்டரிங் இங்கே எந்தக் குற்றமும் செய்யவில்லை. `USART1_IRQn` எண் 37, அதனால் டேபிளில் 0xD4 இடத்தில் அதன் ஹேண்ட்லர் முகவரி. ஹார்டுவேர் நேராக அங்கே போகும். பழைய பிஐசி16 போன்றவற்றில் எல்லா இன்டரப்டும் ஒரே முகவரியில் வந்து விழும், யார் கூப்பிட்டது என்று கொடிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது உங்கள் வேலை. வெக்டரிங் மிச்சம் பிடிப்பது அந்தத் தேடல் நேரத்தை. காத்திருக்கும் நேரத்தை அது தொடாது. அதைத் தொடுவது முன்னுரிமைதான்:

```c
NVIC_SetPriority(USART1_IRQn, 1);
NVIC_SetPriority(TIM2_IRQn, 5);
```

உங்கள் டைமர் வேறு என்றால் அந்தப் பெயரைப் போடுங்கள். சிறிய எண்தான் உயர்ந்த முன்னுரிமை, இதில் தலைகீழாகப் போட்டுவிட்டு முழிப்பவர்கள் அதிகம். முன்னுரிமைக் குழு அமைப்பில் எல்லா பிட்டையும் உப முன்னுரிமைக்குக் கொடுத்திருந்தாலும் நெஸ்டிங் நடக்காது, அதையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது டைமர் ஹேண்ட்லரின் நடுவிலேயே யுஏஆர்டி புகுந்து பைட்டை எடுத்துக்கொண்டு போகும். டைமருக்கு என்ன ஆகும்? ஒவ்வொரு குறுக்கீடும் 84 சைக்கிள், அதாவது 1.17 மைக்ரோ செகண்ட். 40க்குள் அதிகபட்சம் 4 குறுக்கீடு, அதனால் 44.7 ஆகிறது. ஆனால் நீண்டுபோன அந்த நேரத்துக்குள் ஐந்தாவது பைட்டும் வந்துவிடலாம், ஆக 45.8. 45.8க்குள்ளும் ஐந்துதான் வரும், கணக்கு அங்கே நிற்கிறது. 1000 மைக்ரோ செகண்ட் கெடு உள்ள வேலைக்கு இது ஒன்றுமே இல்லை. மொத்தச் சுமையும் அதே 15%க்குள்தான். ஒரு வேலையும் குறையவில்லை, யார் யாருக்காகக் காத்திருப்பது என்பது மட்டும் மாறியிருக்கிறது.

நெஸ்டிங்குக்கு விலை ஸ்டாக்கில். ஒவ்வொரு அடுக்குக்கும் ஹார்டுவேர் 32 பைட் எடுக்கும், அதன் மேல் ஹேண்ட்லரின் சொந்த மாறிகள். இரண்டு அடுக்குக்குக் கவலை வேண்டாம்.

இன்னொரு ஓட்டை மீதம் இருக்கலாம். மெயின் லூப்பில் எங்காவது `__disable_irq()` போட்டு 10 மைக்ரோ செகண்டுக்கு மேல் வைத்திருந்தால் முன்னுரிமை 1 கூட உதவாது, அங்கேயும் `ORE` ஏறும். டைமரோடு பகிரும் டேட்டாவைக் காப்பதற்காக என்றால் டைமரை மட்டும் தடுத்தால் போதும்:

```c
__set_BASEPRI(5 << 4);
/* பகிர்ந்த டேட்டா */
__set_BASEPRI(0);
```

இந்தச் சிப்பில் முன்னுரிமை பைட்டில் மேல்பக்க 4 பிட்தான் பயன்படும், அதனால்தான் அந்த `<< 4`. முன்னுரிமை 5ம் அதற்குக் கீழானவையும் நிற்கும், யுஏஆர்டி தொடர்ந்து வரும்.

10.75% உறுத்தினால் டிஎம்ஏவுக்கு மாறுங்கள். 64 பைட் வட்ட பஃபர் வைத்து, பாதி நிறைந்ததும் முழுதும் நிறைந்ததும் இன்டரப்ட் வாங்கினால் நொடிக்கு 92160க்குப் பதில் 2880 தடவைதான். நுழைந்து வெளியேறும் செலவு 3%லிருந்து 0.1% ஆகும். பைட்டுகளை அலசும் வேலை அப்படியேதான் இருக்கும், அதை டிஎம்ஏ செய்யாது. ஆனால் முதலில் மேலே உள்ள இரண்டு வரியைப் போட்டு, அந்த 0–255 சோதனையை ஓட்டிப் பாருங்கள்.