அப்பாவின் வயது 84-ஆ, 85-ஆ, 86-ஆ?

கேள்வி: எங்கள் அப்பா பிறந்தது 1940 ஜனவரி, தை மாதம். 2024 டிசம்பரில், மார்கழியில், இறந்தார். இறப்புச் சான்றிதழில் 84 என்று இருக்கிறது. ஜாதகத்தைப் பார்த்த அண்ணன் 85 என்கிறான். பதினாறாம் நாள் பத்திரிகையில் பெரியப்பா 86 என்று அச்சடித்துவிட்டார். ஜாதகத்தில் 'கர்ப்பச்செல் நீக்கி' என்று இருப்பதால் கருவிலிருந்துதான் எண்ண வேண்டுமாம். அம்மாவும் விரலை மடக்கி மடக்கி 86 என்றாள். அவளுக்குப் படிப்பு கிடையாது, விட்டுவிட்டோம். சமாதிக் கல்லில் எதைப் பொறிப்பது?
வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பெரியப்பாவைக் கேட்டீர்கள், அண்ணனைக் கேட்டீர்கள், முகம் தெரியாத என்னையும் கேட்டுவிட்டீர்கள். அவரோடு ஆயுசெல்லாம் குடும்பம் நடத்தியவள் ஒரு எண்ணைச் சொன்னாள், 'படிப்பு கிடையாது, விட்டுவிட்டோம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது அந்த வரியில்தான்.

அவள் அநேகமாக எப்படி எண்ணியிருப்பாள் தெரியுமா? அப்பா பிறந்தது பிரமாதி வருஷம். பிரமாதியை ஒன்று என்று வைத்து ஒவ்வொரு வருஷப் பேருக்கும் ஒரு மடிப்பு. அட்சய வரை 48. அதோடு அறுபது வருஷச் சுற்று முடிந்து மறுபடி பிரபவ. அங்கிருந்து அவர் இறந்த குரோதி வரை 38. மொத்தம் 86. பிறந்த வருஷத்தையும் சேர்த்து, இறந்த வருஷத்தையும் சேர்த்து, அவர் எத்தனை வருஷப் பேர்களைப் பார்த்தார் என்கிற கணக்கு அது. துளியும் பிசகில்லை.

அண்ணன் ஜாதகத்தின் தலைப்பில் கொல்லம் 1115 என்று இருப்பதைப் பார்த்திருப்பான். நம் திருநெல்வேலிச் சீமையில் பழைய ஜாதகம், பத்திரம் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணியில் பிறக்கும் ஆண்டு அது. இறந்தபோது கொல்லம் 1200. கழித்தால் 85. நடப்பு வயது என்று பார்த்தாலும் 85-தான், ஏனென்றால் 84 நிறைந்து அடுத்தது ஓடிக்கொண்டிருந்தது. சான்றிதழ்க்காரர்கள் நிறைந்த வயதை மட்டும் எழுதுவார்கள். 85 நிறைய இன்னும் சில வாரம் இருந்தது, அதனால் 84.

இனி பெரியப்பா. எண் சரி, காரணம்தான் தப்பு. கர்ப்பச்செல் என்பது வயிற்றில் இருந்த மாதக் கணக்கு அல்ல. பிறக்கும்போது சந்திரன் நின்ற நட்சத்திரத்தில் எவ்வளவு கழிந்திருந்ததோ, அந்த அளவு தசையிலும் கழிந்துவிட்டதாகத் தள்ளுவது அது. பூசத்தில் சரிபாதி கழிந்து பிறந்த பிள்ளைக்குச் சனி தசை 19 வருஷத்தில் ஒன்பதரை வருஷம் கர்ப்பச்செல். எந்தத் தாய் ஒன்பதரை வருஷம் சுமந்தாள்?

கருவிலிருந்து எண்ணும் வழக்கம் இல்லாமல் இல்லை. பூணூலுக்குச் சொல்லும் கர்ப்பாஷ்டமம் கருவிலிருந்து எட்டாம் வருஷம்தான். பிறந்த கணக்கில் ஏழு வயது நிறைந்திருக்காது என்றாலும் செய்வார்கள். அப்பாவுக்கு அப்படிப் போட்டால், தைக்கு ஒன்பது மாதம் முன்னே, 1939 ஏப்ரல் கடைசி. அங்கிருந்து 85 வருஷமும் எட்டு மாதமும் ஆகிறது, ஆக 86-வது வருஷம் நடப்பு. ஆனால் இது எல்லாருக்கும் ஒன்றைக் கூட்டிவிடாது. அப்பா தை தாண்டி பிப்ரவரியிலோ மார்ச்சிலோ போயிருந்தால் பிறந்த கணக்கிலேயே 86 நடப்பு ஆகியிருக்கும், கருக்கணக்கிலும் அதே 86. பிறந்த நாள் கழிந்து முதல் மூன்று மாதத்துக்குள் இறந்தவருக்குக் கருக்கணக்கால் நடப்பு வயது கூடாது.

சரி, கல். வங்கிக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் 84 தவிர வேறு எதையும் எழுதாதீர்கள், தாலுகா ஆபீஸில் பெரியப்பாவின் விளக்கத்தைக் கேட்க ஆள் கிடையாது. கல்லில் தோற்றம், மறைவு இரண்டு தேதியும் பொறியுங்கள். வயது போடுவதானால், என் கட்சி அம்மாவின் எண்ணுக்குத்தான். '86 வயது' என்று மொட்டையாகப் போட்டால் தேதியைக் கழித்துப் பார்க்கிறவன் தப்பு என்பான். 'பிரமாதி முதல் குரோதி வரை 86 வருஷம்' என்று போடுங்கள். அண்ணன் முறைத்தால் முறைக்கட்டும்.

அதற்கு முன்னால் கல் வேலைக்காரரை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் போய் உட்காருங்கள். 'எந்த வருஷத்திலிருந்து எண்ணினே?' என்று கேளுங்கள். நான் ஊகித்தது தப்பாகக்கூட இருக்கலாம். அவள் மறுபடி விரலை மடக்க ஆரம்பித்தால், அட்சய வரும்வரை குறுக்கே பேசாதீர்கள், எண்ணிக்கை விட்டுப்போகும்.