சொதி வீடியோவில் அம்மா சொல்லாமல் விட்ட சொல்

கேள்வி: என் சமையல் வீடியோவில் நான் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தைகளைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் போலிருக்கிறது. யூடியூப் தேடல் அறிக்கையில் அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்து என்ன செய்வது?

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். அம்மா சமைப்பார், நான் படம் பிடிப்பேன். தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் சொதிக் குழம்பு வைப்பது பற்றிய ஒன்பது நிமிட வீடியோ ஒன்றில் இந்த வேலையை முழுதாகச் செய்து பார்த்தேன். அதையே சொல்கிறேன்.

கணினியில் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, அந்த ஒரு வீடியோவின் `Analytics` பக்கத்துக்குப் போங்கள். அங்கே `Advanced mode`, அதற்குள் `Traffic source`, அதில் `YouTube search` என்ற வரியைச் சொடுக்கினால் பார்வையாளர்கள் தட்டிய சொற்கள் வரிசையாக வரும். காலத்தைக் குறைந்தது 90 நாளாக வையுங்கள். பட்டியலைத் தரவிறக்கி ஒரு விரிதாளில் போட்டுக்கொள்ளுங்கள். கூகுளில் தேடி வந்தவர்கள் இதில் இருக்க மாட்டார்கள், அவர்கள் கணக்கு `External` என்பதற்குள் தனியாக இருக்கும்.

மேலே உள்ள பத்து வரிகளை விட்டுவிடுங்கள். எங்களுக்கு அவை `sodhi`, `tirunelveli sodhi`, `சொதி குழம்பு` என்றுதான் இருந்தன. எல்லாமே தலைப்பில் உள்ளவை. நீங்கள் தேடுவது கீழே கிடக்கும். ஆனால் கீழே போகப் போக ஒரே கேள்வி ஏழெட்டு எழுத்துக்கூட்டலில் சிதறிக் கிடக்கும். `mappillai sodhi`, `mapillai sodhi`, `maapillai sothi`, `மாப்பிள்ளை சொதி` எல்லாம் ஒன்றுதான். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று பார்வை, ஐந்து பார்வை என்று அற்பமாகத் தெரியும். பக்கத்தில் ஒரு பத்தி போட்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரே பெயரைக் கையால் எழுதினேன். கூட்டிப் பார்த்தபோது மாப்பிள்ளை சொதி மட்டும் நாற்பதைத் தாண்டியது. இப்படிச் சேர்க்கும்போது சராசரிகளைச் சராசரி எடுக்காதீர்கள். மொத்தப் பார்த்த நேரத்தை மொத்தப் பார்வையால் வகுங்கள். சேர்த்த பிறகும் பதினைந்துகூடத் தேறாத சொற்றொடரை நான் தொடுவதில்லை. ஒரே ஆள் முழுதாகப் பார்த்தாலே அதன் சராசரி எகிறிவிடும்.

அப்புறம், வீடியோவில் பேசியதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லும் அதில் இருக்கிறதா என்று பார்த்தேன். இதைக் கண்ணால் செய்வதே நல்லது. `Ctrl+F` போட்டு 'பால்' என்று தேடினால் 'பாலை' கிடைக்காது, எழுத்து மாறிவிடுகிறது. `paal` என்று ஆங்கில எழுத்தில் தட்டியது சுத்தமாகப் பொருந்தாது.

மாப்பிள்ளை என்ற சொல் அந்த ஒன்பது நிமிடத்தில் ஒரு இடத்திலும் இல்லை. மறுவீடும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "ஏல, மறுவீட்டுக்குச் சொதி வைக்காம வேற என்னத்த வைப்பாவ? இத வேற சொல்லணுமாக்கும்?" என்றார். விஷயமே அதுதான். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைப்பது எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் அவர் வாயில் அது வரவே இல்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கோ அந்தச் சாப்பாடு அந்தப் பெயரில்தான் நினைவிருக்கிறது. வந்தவர்கள் சராசரியாக நாலு நிமிடத்துக்கு மேல் பார்த்திருந்தார்கள். அவர்கள் தேடியது இந்த வீடியோவில்தான் இருக்கிறது, பெயர் மட்டும்தான் இல்லை. தலைப்பின் பின்பாதியிலும் விவரணையின் முதல் வரியிலும் 'மறுவீட்டு விருந்து மாப்பிள்ளை சொதி' என்று சேர்த்தேன்.

`idiyappam sothi` கதை வேறு. அதுவும் முப்பதைத் தாண்டியது, அம்மாவும் இடியாப்பத்தைச் சொல்லவில்லை. ஆனால் சராசரி 38 விநாடி. அவர்கள் தேடியது இலங்கைத் தமிழர் வீட்டுச் சொதி: மஞ்சள் போட்டு, தண்ணியாக, இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்வது. எங்களுடையது பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டுச் சோற்றுக்குப் பிசைவது. பருப்பு வேகும் காட்சி வந்ததும் போய்விட்டார்கள். இந்த இடத்தில் ஆசைப்பட்டு இடியாப்பத்தைத் தலைப்பில் சேர்த்தால், இன்னும் நிறையப் பேரைக் கூப்பிட்டு ஏமாற்றி அனுப்புவதாகிவிடும். நான் 'பாசிப்பருப்பு சேர்த்தது' என்று தலைப்பில் போட்டேன். சொல்லாத சொல் என்பதாலேயே அதைச் சேர்த்துவிடக் கூடாது. பார்வையின் எண்ணிக்கையைவிட எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை இன்னும் நுணுக்கமானது. `thengai paal thiriyamal iruka` என்ற வகையில் சில வரிகள் இருந்தன. வீடியோவில் அதற்கான பதில் இருக்கிறது. ஆறாவது நிமிடத்தில் அம்மா கெட்டியான முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு எலுமிச்சம்பழம் பிழிகிறார். ஆனால் "இப்பம் இறக்கிரணும்" என்று மட்டும்தான் சொல்கிறார். 'திரிந்துவிடும்' என்ற சொல் இல்லை. கை செய்ததை வாய் சொல்லவில்லை. விவரணையில் நேரக்குறிப்பு போட்டு, அந்த இடத்துக்குப் 'பால் திரியாமல் இறக்குவது' என்று பெயர் வைத்தேன். நேரக்குறிப்பு வேலை செய்ய முதல் வரி 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று பகுதிகள் வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது.

`sodhi for 50 persons` என்று தேடி வந்தவர்களுக்கு எந்தச் சொல்லைச் சேர்த்தும் பயனில்லை. நாங்கள் வைத்தது ஆறு பேருக்கு. அளவு சொல்லும் இடம்வரை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குத் தனி வீடியோதான் எடுக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தேடி, உங்கள் வீடியோவைத் தொட்டவர்களின் சொற்கள் மட்டும்தான் இந்த அறிக்கையில் இருக்கும். தேடி வேறொருவர் வீடியோவுக்குப் போனவர்கள் இதில் இல்லை. மிகக் குறைவாக வந்த சொற்களையும் யூடியூப் காட்டுவதில்லை, அதனால் பட்டியலைக் கூட்டினால் தேடல் மொத்தத்துக்குச் சரியாக வராது. பிழை உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள்.

மாற்றம் பலித்ததா என்று பார்ப்பதில் நான் ஒரு தடவை தவறிவிட்டேன். மார்கழிக் கடைசியில் தலைப்பை மாற்றிவிட்டு, தை மாதம் மாப்பிள்ளை சொதித் தேடல் இரண்டு மடங்கானதும் சந்தோஷப்பட்டேன். மார்கழியில் எங்கள் பக்கம் கல்யாணமே கிடையாது, தை பிறந்தால் ஊரெல்லாம் முகூர்த்தம். தலைப்பைத் தொடாமல் இருந்தாலும் ஏறியிருக்கும். இப்போது மாற்றிய தேதியைக் குறித்துவைத்து, முன்னும் பின்னும் 28 நாட்களில் `tirunelveli sodhi` தேடலுக்கு மாப்பிள்ளை சொதி எத்தனை பங்கு என்று பார்க்கிறேன். இரண்டும் முகூர்த்தத்தோடு ஏறி இறங்குபவை. முன்பு நூறுக்குப் பதினெட்டு என்று இருந்தது, அந்தத் தை மாதக் கணக்கில் இருபத்தேழு ஆகியிருந்தது. ஐம்பது பேர் சொதிக்குத் தேங்காய்க் கணக்கை அம்மா இப்போது கல்யாணச் சமையல் செய்யும் தவசிப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.