சம்பளத்தைச் சொல்ல மறுக்கும்போது, மாட்டிக்கொள்வது இரண்டாவது கேள்வியில்

கேள்வி: என் பக்கத்து இருக்கையில் வேலை பார்ப்பவர், "உனக்கு இப்போ எவ்வளவு வருது?" என்று நேராகவே கேட்டுவிட்டார். நல்ல நண்பர்தான், ஆனால் சொல்ல விருப்பமில்லை. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். மறுபடியும் கேட்பார். அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது?

பதில்: சிரித்து மழுப்பினால் அவருக்கு அது மறுப்பாகத் தெரியாது. 'இப்போது வேண்டாம்' என்றுதான் எடுத்துக்கொள்வார். அடுத்த முறை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள்: "சம்பள விஷயத்தை நான் வெளியே பேசறதில்லப்பா, தப்பா எடுத்துக்காதே." அதோடு நிறுத்துங்கள். காரணத்தை அடுக்க ஆரம்பித்தால், ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். "கம்பெனி ரூல்" என்று சாக்குச் சொல்வதும் வேண்டாம். அப்படி ஒரு விதி இல்லையென்று தெரிந்தால், நீங்கள் பொய் சொன்னதாகத்தான் ஆகும். சில நாடுகளில் ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவதை நிறுவனம் தடுக்கவே முடியாது.

இன்னொன்று, ஏற்கெனவே அலுவலகத்தில் ஒருவரிடம் சொல்லியிருந்தால் "யார்கிட்டயும் சொல்றதில்ல" என்று சொல்லாதீர்கள். அது எப்படியும் இவர் காதுக்கு வரும். "இதைப் பேச எனக்கு இஷ்டமில்ல" என்பதே போதும்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது அதற்கு அப்புறம்தான். "சரி, சரியான தொகை வேண்டாம். ஐம்பதாயிரத்துக்கு மேலயா?" என்பார். நீங்கள் பேசாமல் இருப்பீர்கள். "எழுபது?" என்றதும், "சேச்சே, அவ்வளவெல்லாம் இல்ல" என்று வாயில் வந்துவிடும். ஐம்பதுக்கு மௌனம், எழுபதுக்கு மறுப்பு. அறுபதை ஒட்டி என்று அவர் கணக்குப் போட்டாயிற்று. சம்பள உயர்வு சதவீதமும் அப்படித்தான், பழைய சம்பளம் தெரிந்தவருக்கு அது ஒரு பெருக்கல் கணக்கு. அதனால் அவர் சொல்லும் எண் நகைப்புக்குரியதாக இருந்தாலும், "மேலே கீழே எதுவும் சொல்லமாட்டேன்" என்று முதல் எண்ணுக்கே சொல்லிவிட்டு, பிறகு வரும் எண்களுக்கும் அதையே சொல்லுங்கள்.

சிலர் தன் சம்பளத்தை முதலில் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். பதிலுக்குச் சொல்லவேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. "என்னை நம்பிச் சொன்னே, வெளியே போகாது. ஆனா என்னோடதை நான் சொல்லல" என்றால் போதும். "எனக்கும் கிட்டத்தட்ட அதேதான்" என்று மட்டும் சமாதானம் சொல்லாதீர்கள். உண்மையாக இருந்தால் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம், இல்லையென்றால் பொய்.

நண்பர் என்பதால், அவர் ஏன் கேட்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள். என் அனுபவத்தில், தனக்குக் குறைவாகத் தருகிறார்களோ என்ற சந்தேகம்தான் பலரையும் கேட்க வைக்கிறது. அப்படியானால் நீங்கள் சம்பள உயர்வு கேட்டது எப்போது, மேலாளரிடம் எந்த வேலைகளை எடுத்துக்காட்டினீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதைப் பகிரலாம். எண் இல்லாமலேயே அவருக்கு அது உதவும்.