அப்பாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ்: கோ-பே உள்ளதா, இல்லாததா?

"அப்பாவுக்கு 63 வயசு, 8 வருஷமா சுகர். முதல் பிளான் வருஷம் 32,000, 20% கோ-பே, சுகருக்கு வெயிட்டிங் 1 வருஷம். ரெண்டாவது 45,000, கோ-பே இல்ல, வெயிட்டிங் 3 வருஷம். எத எடுக்கலாம்?"

ப்ரோ, நான்னா முதல் பிளான்தான் எடுப்பேன். கோ-பேன்னா ஒவ்வொரு பில்லுலயும் நம்ம கைல இருந்து கட்டுற பங்கு, வெயிட்டிங்னா சுகரால வர்ற செலவுக்கு கிளெய்ம் கிடைக்காத ஆரம்ப காலம். பிரீமியம் வித்தியாசம் 13,000, அதனால வருஷத்துக்கு சராசரியா 65,000-க்கு மேல ஆஸ்பத்திரி பில் வந்தாதான் 20% கோ-பே அந்த 13,000-ஐ தாண்டும். 5 வருஷத்துல ஒரே ஒரு தடவை 3 லட்சம் பில்லுன்னு வைங்க, முதல் பிளான்ல பிரீமியம் 1.6 லட்சம், கோ-பே 60,000, மொத்தம் 2.2 லட்சம், ரெண்டாவதுல பிரீமியமே 2.25 லட்சம், கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஆனா அந்த பில் ரெண்டாவது வருஷமே கால் புண்ணாலயோ கிட்னியாலயோ வந்துச்சுன்னா முதல் பிளான்ல உங்க கைக்காசு 60,000, ரெண்டாவதுல முழு 3 லட்சமும் உங்க தலையில. எங்க மாமாவுக்கு இதேதான் நடந்துச்சு, கால் புண்ணுக்கு அட்மிட் ஆனாங்க, வெயிட்டிங் முடியலன்னு கிளெய்ம ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, நகைய வச்சுதான் பில் கட்டுனோம். டெங்கு மாதிரி சுகருக்கு சம்பந்தமில்லாததுன்னா முதல் 30 நாள் தாண்டுனதும் ரெண்டுலயுமே கிளெய்ம் பண்ணலாம்.

கண்புரை, மூட்டு ஆபரேஷனுக்கு தனியா ஒரு வெயிட்டிங் இருக்கும், பெரும்பாலும் 2 வருஷம், பாலிசி வாசகத்துல பாத்துக்கோங்க. அப்ளிகேஷன்ல சுகர மறைக்க மட்டும் செய்யாதீங்க, ஏஜென்ட் வேணாம்னு சொன்னாலும் எழுதிடுங்க.