ரா ஃபைலா, ஜேபெக்கா: ஒரு வளைகாப்புப் படத்தை வைத்து ஒரு பதில்

கேள்வி: புது கேமரா வாங்கியிருக்கேன். மெனுவில் RAW, JPEG என்று இரண்டு இருக்கு. என்ன வித்தியாசம்? ஆரம்பத்திலேயே RAW-க்குப் போகணுமா?

இரண்டு வருடம் முன்பு மும்பை மாட்டுங்காவில் ஒரு சின்ன ஹாலில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. படம் எடுத்தது நான்தான். முந்தைய நாள் இரவு வீட்டில் மஞ்சள் பல்பு வெளிச்சத்துக்காக, வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை பல்பு குறியில் வைத்திருந்தேன், மாற்ற மறந்துவிட்டேன். ஹாலிலோ பெரிய ஜன்னல்கள், பகல் வெளிச்சம். சாயங்காலம் லேப்டாப்பில் பார்த்த சித்தி, "ஏன்டா தம்பி, எல்லாரும் நீலமா இருக்காங்க?" என்றார். கன்னத்தில் பூசிய மஞ்சள்கூட சாம்பல் நிறத்தில் இருந்தது.

அன்று RAW+JPEG வைத்து எடுத்திருந்ததால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு ஃபைல் இருந்தது. முதலில் ஜேபெக்கைச் சரிசெய்து பார்த்தேன். நீலத்தைக் குறைத்ததும் முகம் ஓரளவு தேறியது. ஆனால் சித்தப்பாவின் வேட்டியும் மல்லிகைப்பூவும் பழுப்பேறிய மஞ்சளாக மாறின, கூந்தலின் நிழலில் திட்டுத்திட்டாகச் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. அதே படத்தின் ரா ஃபைலைத் திறந்து ஒயிட் பேலன்ஸுக்கான வெப்பநிலை ஸ்லைடரை 3200-லிருந்து 5500 அளவுக்கு நகர்த்தினேன். வேட்டி வெள்ளை, மஞ்சள் மஞ்சள், பச்சைக் கண்ணாடி வளையல் பச்சை. அவ்வளவுதான் வேலை.

ஏன் இப்படி? சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிறது. அந்த அளவுகளை அப்படியே எழுதி வைப்பதுதான் ரா. ஒயிட் பேலன்ஸ் அதில் ஓரமாக எழுதிய ஒரு குறிப்பு மட்டுமே, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஜேபெக்கில் அந்தக் குறிப்பின்படி கேமரா நீலத்தைப் பெருக்கி, சிவப்பை அடக்கி, ஷார்ப்னஸ் சேர்த்துச் சமைத்து முடித்துவிடுகிறது. ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். பெருக்கிய நீலம் வேட்டியில் 255-ஐ முட்டி, அதற்கு மேல் இருந்தது வெட்டுப்பட்டது. பின்னால் நீலத்தைக் குறைத்தால் வெட்டுப்பட்டது திரும்பி வராது, அதனால்தான் வெள்ளை மஞ்சளடித்தது. நிழலில் சிவப்புக்கு மிஞ்சியிருந்ததோ சில படிகள், அதை இழுத்தால் திட்டுத் தெரியும். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள் இருக்கின்றன.

சரி, அப்போ எல்லாவற்றையும் ராவில் எடுக்கலாமா? முதல் சில மாதங்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. ஃபோகஸ் தவறினாலோ கை ஆடினாலோ ரா காப்பாற்றாது. மூன்று நிறமும் சென்சாரிலேயே நிரம்பி வழிந்த வானத்தையும் மீட்டுத் தராது. ஆரம்பத்தில் படம் கெடுவது பெரும்பாலும் இவற்றால்தான். மெரைன் டிரைவில் காலை வெயிலில் எடுக்கும் படத்துக்கு ஜேபெக் தாராளமாகப் போதும்.

திரும்ப நடக்காத நிகழ்ச்சி, அதுவும் வீட்டுக்குள்ளோ ஹாலிலோ என்றால் RAW+JPEG வைத்துவிடுங்கள். ஜேபெக்கை அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். நிறமோ வெளிச்சமோ தப்பிய பத்துப் படங்களுக்கு மட்டும் ராவைத் திறக்கலாம், மீதி ரா ஃபைல்களை அழித்துவிடலாம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஜேபெக் சுமார் 10 எம்பி, ரா 25 முதல் 30 எம்பி வரை போகும். 32 ஜிபி கார்டில் ஏறக்குறைய 800 ஜோடிகள் அடங்கும். தொடர்ச்சியாகப் பட்பட்டென்று எடுத்தால் மட்டும் கேமரா சீக்கிரம் திணறி நிற்கும்.

முதல் முறை ராவைத் திறக்கும்போது படம் மங்கலாக, உயிரில்லாமல் தெரியலாம். பயப்பட வேண்டாம். கேமரா ஸ்க்ரீனில் நீங்கள் பார்த்தது ஜேபெக்காகச் சமைத்த வடிவம், ராவில் எடுத்தாலும் அங்கே அதைத்தான் காட்டும். கான்ட்ராஸ்டும் நிறமும் இனி நீங்கள் சேர்க்க வேண்டியவை.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பகலில் ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் துண்டும் வாழைப்பழமும் வையுங்கள். ஒயிட் பேலன்ஸைப் பல்பு குறியில் வைத்து, RAW+JPEG-ல் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் RawTherapee-யில் திறந்து, ஒயிட் பேலன்ஸ் பகுதியில் உள்ள பிக்கரால் துண்டைத் தொடுங்கள். அந்த மென்பொருள் இலவசம்தான். பிறகு துண்டின் மிக வெளிச்சமான மடிப்பையும் பழத்துக்கு அடியில் உள்ள நிழலையும் பெரிதாக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஒரே படத்தில் ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் குத்துவிளக்கு என்று இரண்டு வெளிச்சம் விழுந்தால், ராவில்கூட ஒரே ஸ்லைடர் இரண்டையும் சரிசெய்யாது. நான் முகத்தின் மேல் விழும் வெளிச்சத்துக்குச் சரிசெய்துவிட்டு, விளக்கை அதன் மஞ்சளிலேயே விட்டுவிடுவேன்.