பதிமூன்று புள்ளியில் முகம் கிடையாது

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டின் பூட்டை உடைத்து, உருளி, அண்டா எல்லாவற்றையும் தூக்கிப் போய்விட்டார்கள். நாங்கள் சென்னையில் இருக்கிறோம். முகப்புக் கேமராவில் ஒருவன் தெரிகிறான், ஆனால் முகம் மங்கல். காரைக்குடியில் ஒரு ஸ்டுடியோக்காரர் 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏஐ மூலம் தெளிவாக்கித் தந்தார். முன்பு இருந்த வாட்ச்மேனின் மகன் மாதிரியே இருக்கிறது. ஸ்டேஷனில் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். அது திருடனின் முகம் அல்ல, மென்பொருள் வரைந்த முகம்.

கணக்கு இதுதான். வீடுகளில் மாட்டும் 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 புள்ளி அகலம். அகலப் பார்வை லென்ஸ் என்றால் 10 மீட்டர் தள்ளி சுமார் 24 மீட்டர் அகலத்தை அது பிடிக்கும். அப்படியானால் மீட்டருக்கு 80 புள்ளி. மனித முகம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் அகலம், ஆக முகத்துக்குக் கிடைப்பது 13 புள்ளி. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண 40 புள்ளியாவது வேண்டும். மொபைல் ஆப்பில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைத்தான் ஸ்டுடியோவில் கொடுத்தீர்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஆப் பெரும்பாலும் 640 புள்ளி அகலமுள்ள சிறிய படத்தைத்தான் காட்டும். அதில் முகம் 4 புள்ளி.

அந்த இடைவெளியை மென்பொருள் எதைக்கொண்டு நிரப்புகிறது? ஸ்டுடியோக்களில் ஓடும் கோட்ஃபார்மர் போன்றவை, இணையத்திலிருந்து திரட்டிய 70,000 முகப்படங்களைப் பார்த்துப் பழகியவை. இத்தகைய மங்கலுக்கு எந்த மாதிரிக் கண், எந்த மாதிரி மூக்கு பொருந்தும் என்று ஊகித்து வரைகின்றன. இருந்த மச்சம் மறையும், இல்லாத புருவம் முளைக்கும். தெளிவாக இருப்பதாலேயே நம்பத் தோன்றும், ஆபத்தே அதில்தான். வாட்ச்மேன் குடும்பத்தின் மேல் ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்திருந்தால், மீதியை உங்கள் கண்ணே முடித்துக்கொள்ளும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். உங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவனை இரவில் அதே நேரத்தில், அதே இடத்தில் நிற்க வைத்துப் பதிவு செய்யுங்கள். அதையும் அதே வகையில் எடுத்து, யாரென்று சொல்லாமல் அதே ஸ்டுடியோவில் கொடுங்கள். வருவது அவன் முகமா என்று அவன் ஆச்சியிடம் காட்டுங்கள். திருடன் படத்தை ஒரு ஃபிரேம் முன்னும் பின்னும் எடுத்துப் போட்டாலும் வேறு வேறு ஆள் வரலாம். "ஃபாரன்சிக் குவாலிட்டி" என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் இந்தச் சோதனைக்குச் சம்மதிப்பதில்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பல ஃபிரேம்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுப்பது ஏஐ ஊகம் அல்ல. அவன் பூட்டருகே அசையாமல் நின்றிருந்தால், 16 ஃபிரேம்களின் சராசரியில் இரவுப் படத்தின் பொரிப்பொரியான இரைச்சல் நாலில் ஒரு பங்காகக் குறையும். அதில் தெரிவது கேமரா உண்மையில் பார்த்தது. ஆனாலும் கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் இடத்தை மிச்சப்படுத்த, அசையாத பகுதியை முந்தைய ஃபிரேமிலிருந்து அப்படியே நகலெடுத்துவிடும். அப்போது 16 ஃபிரேம் இருந்தும் ஒரே ஃபிரேம்தான் கையில். அவன் தலை அசைந்தாலோ சராசரி இன்னும் மங்கும். இதைச் செய்தால் பையின் வடிவம், கைலியா பேண்டா என்பது தெரியலாம், முகம் கிடைக்காது. சட்டை நிறத்தையும் நம்பாதீர்கள். இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் சில கறுப்புத் துணிகள் வெள்ளையாகத் தெரியும்.

இன்றே செய்ய வேண்டியது டிவிஆரைக் காப்பது. 1 டிபி டிஸ்க்கில் நாலு கேமரா, ஒவ்வொன்றும் விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் 11 நாளில் பழைய பதிவு அழிந்துவிடும். ஊரில் இருப்பவரிடம் சொல்லி, மெயின் ஸ்ட்ரீம் எனும் முழு அளவுப் பதிவைப் பென் டிரைவில் எடுத்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துப் புது டிஸ்க் போடச் சொல்லுங்கள். "சர்வீஸ் பண்ணித் தர்றேன்" என்று டிவிஆரைத் தூக்கிப் போகும் கேமராக்காரரிடம் தராதீர்கள், ஃபார்மேட் ஆகித்தான் திரும்பும். டிவிஆர் கடிகாரத்துக்கும் உங்கள் போன் நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதி வையுங்கள். எடுத்த கோப்பின் ஹாஷ் எண்ணை விண்டோஸில் இப்படி எடுக்கலாம்:

```
certutil -hashfile E:\ch02.dav SHA256
```

கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் மாறிவிடும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவில், மின்னணுப் பதிவோடு தர வேண்டிய சான்றிதழில் இதைக் குறிப்பிட வேண்டும். ஸ்டேஷனில் "தெளிவான போட்டோ ஒண்ணு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்பார்கள். மூலப் பதிவைக் கைப்பற்ற வேண்டியவர்களே இப்படிக் கேட்பதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. அனுப்பாதீர்கள். பென் டிரைவையும் டிஸ்க்கையும் எழுத்துமூலம் ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள். ஸ்டுடியோ படத்தை ஏற்கெனவே யாருக்காவது அனுப்பியிருந்தால், அது ஏஐ வரைந்தது என்று இன்றே அவர்களுக்கு எழுதிவிடுங்கள்.