விலை கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள்

கேள்வி: சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறேன். ‘அழகு’, ‘விலை என்ன?’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். 950 ரூபாய் என்று சொன்னதும் பதிலே இல்லை. விலையைக் குறைக்கட்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

இப்போதைக்குக் குறைக்க வேண்டாம். சுலபமாகத் தட்டிவிடக் கூடிய கேள்வி விலைதான். ‘உங்களை நம்பலாமா?’ என்று யாரும் எழுத மாட்டார்கள். அதனால் விலைக்கு அப்புறம் வந்த மௌனத்தைப் பார்க்காமல், அதற்கு முன்னால் அவர்கள் எழுதியதைப் பாருங்கள்.

ஒரு நோட்டை எடுங்கள். வாங்காமல் போன கடைசி 50 பேருடைய உரையாடலை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். ஒவ்வொருவரும் விலையைத் தவிர வேறென்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் எழுதிய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ‘தரம் பற்றிக் கேட்டார்’ என்று சுருக்கினால் விஷயமே போய்விடும். ஒருவர் ஐந்து முறை கேட்டிருந்தாலும் அது ஒரு ஆள்தான். பக்கத்திலேயே நீங்கள் சொன்ன பதிலையும் எழுதுங்கள். வாழ்த்து மட்டும் சொன்ன உறவினர்கள், மற்ற விற்பனையாளர்கள், மொத்த விலை கேட்பவர்களை விட்டுவிடுங்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணும் உங்களைப் போலவே சுங்குடிதான் விற்றார். அவருடைய நோட்டில் ஒருவர், ‘துவைச்சா எப்படி இருக்கும்?’ என்று கேட்டிருந்தார். இன்னொருவர், ‘வெள்ளை பிளவுஸ் போடலாமா?’ வேறொருவர், ‘மெஷின்ல போடலாமா?’ மூன்றும் வேறு வேறு கேள்விகள் என்று அவர் நினைத்திருந்தார். மூன்றும் ஒன்றுதான்: சாயம் போகுமா? ஐம்பதில் பத்தொன்பது பேர் இதை ஏதோ ஒரு விதத்தில் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் அவர் அனுப்பிய பதில், ‘நல்ல குவாலிட்டி மேம்’. கேட்டதற்கு அது பதிலே இல்லை. சந்தேகம் அப்படியே நின்றது, அப்புறம் விலை வந்தது, ஆள் போய்விட்டார்.

அவர் விலையைத் தொடவில்லை. அடர் அரக்கு நிறச் சேலையின் மேல் ஈரமான வெள்ளைத் துணியைத் தேய்த்துக் காட்டி அரை நிமிட வீடியோ எடுத்தார். லேசாக நிறம் ஒட்டியது. அதை மறைக்காமல், ‘முதல் இரண்டு துவைப்பில் கொஞ்சம் சாயம் வரும், குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசுங்கள்’ என்று எழுதினார். சாயக் கேள்வி வந்தவுடன், விலைக்கு முன்னால், இதை அனுப்பச் சொன்னேன். விற்பனை நகர்ந்தது.

உங்கள் பட்டியலில் ‘இது முடிச்சுப் போட்டதா, பிரிண்டா?’ என்பதும் இருக்கும் என்று நினைக்கிறேன். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. கடைத்தெருவில் அச்சடித்த சேலையும் அதே பெயரில்தான் போகிறது, கேட்பாரில்லை. அந்தச் சந்தேகத்தைச் சுமப்பது உங்களைப் போன்ற சிறு விற்பனையாளர்கள். ‘ரொம்ப அதிகம்’ என்று எழுதுகிறவர்களில் பலர் பிரிண்ட் சேலையின் விலையை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்தால் ‘அப்போ பிரிண்ட்தான்’ என்று முடிவே செய்துவிடுவார்கள். முடிச்சை அவிழ்க்கும்போது புள்ளி தெரிவதைக் காட்டுங்கள்.

விலையே உண்மையான தடையாக இருப்பதும் உண்டு. இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியும். கையில் பணம் போதாதவர் பேச்சை நிறுத்த மாட்டார். ‘இதே மாதிரி 700-க்குள் இருக்கா?’, ‘சம்பளம் வந்ததும் எடுத்துக்கவா?’, ‘ரெண்டு எடுத்தா எவ்வளவு?’ என்று தொடர்வார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து, அந்தச் சேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்பார். சந்தேகப்பட்டவர் ஒரே வரியில் முடித்துக்கொள்வார், திரும்பியும் வர மாட்டார். முதல் வகை பட்டியலில் பாதியைத் தாண்டினால் விலையைப் பற்றி யோசியுங்கள், அதுவும் ஒரு குறைந்த விலைச் சேலையைச் சேர்த்து. இருக்கிற விலையை வெட்டி அல்ல.

போனவர்களிடம் ‘ஏன் வாங்கவில்லை?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக ‘விலைதான்’ என்பார்கள்.

அப்புறம், ‘கமெண்டை ஏற்றித் தருகிறேன்’ என்று வரும் ஏஜென்சிக்காரர்களிடம் மிகவும் கவனமாக இருங்கள். காசு கொடுத்து வாங்கும் ‘சூப்பர்’, ‘வாவ்’ எல்லாம் உங்கள் நோட்டையே கெடுத்துவிடும், யார் உண்மையில் வாங்க வந்தவர் என்றே தெரியாமல் போகும். ‘விலையை மறைத்து டிஎம்-க்கு வரவழையுங்கள்’ என்பதும் அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். விலையையும் கூரியர் கட்டணத்தையும் பதிவிலேயே போடுங்கள். அதற்குப் பிறகும் எழுதுகிறவர்தான் உண்மையான கேள்வியோடு வருகிறவர். இன்ஸ்டாகிராம் தெரியாத ஆட்களின் செய்திகளை Requests என்ற மூலையிலும், அவற்றில் சிலவற்றை Hidden Requests என்ற இன்னொரு மூலையிலும் போட்டு வைக்கிறது. வாங்க வந்தவரின் கேள்வி அங்கே கிடப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். தினமும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

வீடியோ போட்ட பிறகு வரும் அடுத்த 25 உரையாடல்களையும் இதே மாதிரி எழுதுங்கள். சாயக் கேள்வி குறைந்து, ‘பிளவுஸ் துணி சேர்த்து வருமா?’ மாதிரி வேறொன்று மேலே வந்தால் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். சாயக் கேள்வி குறைந்தும் மௌனம் அப்படியே இருந்தால், தடை வேறு எங்கோ இருக்கிறது. நோட்டில் இரண்டாவதாக அதிகம் வந்த கேள்விக்குப் போங்கள்.